டபராவில் ஊற்றினால் காபி குறைந்துவிடுமா?

ஐந்து வயது மீனாவின் முன்னால் ஒரே அளவுள்ள இரண்டு காபி டம்ளர்களில் பால் இருக்கிறது. இரண்டிலும் சமமாக இருப்பதாக அவளே சொல்கிறாள். அவள் கண்ணெதிரே ஒரு டம்ளர் பாலை அம்மா அப்படியே டபராவில் ஊற்றுகிறார். இப்போது எதில் அதிகம் என்று கேட்டதும், "டம்ளர்லதான் நெறைய இருக்கு, அதுல ஒசரமா இருக்கில்ல" என்கிறாள். மீனாவின் பதில் எதைக் காட்டுகிறது?

அ) நினைவாற்றல் குறைவு
ஆ) தன்மையச் சிந்தனை
இ) ஒரே கூறில் கவனம் குவிதல்
ஈ) பொருள் நிலைத்தன்மையை உணராமை

இது நான் எழுதிய கேள்வி. ஆசிரியர் தகுதித் தேர்வின் பழைய தாள்களோடு பழகியவர்களுக்கு இதன் அச்சு தெரியும். இரண்டு தாள்களிலும் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதிக்கு 150-க்கு 30 கேள்விகள். முதல் தாள் 6 முதல் 11 வயதுக் குழந்தைகளையும், இரண்டாம் தாள் 11 முதல் 14 வயதுக் குழந்தைகளையும் மனத்தில் வைத்தது. "இந்தக் கோட்பாடு யாருடையது?" என்ற நேரடிக் கேள்விக்கு மனப்பாடம் போதும். ஒரு குழந்தை ஏதோ செய்கிறது, ஏதோ சொல்கிறது, அதற்கு என்ன பெயர் என்று கேட்கும்போதுதான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

சைதாப்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்தபோது, பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்த ஓர் ஆசிரியை 'அ' என்று போட்டார். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இப்படி அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் இந்தப் பாடத்தைப் படிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். "மேடம், முதல்ல சமம்னு சொன்னதை மறந்துட்டுத்தானே மாத்திச் சொல்றா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. "முதல்ல எப்படி இருந்துச்சு?" என்று மீனாவைக் கேட்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு" என்பாள். டபராவில் இருப்பது அதே பால்தானா என்றால் ஆமாம் என்பாள். அவள் எதையும் மறக்கவில்லை. எல்லாம் நினைவிருந்தும் இப்போது குறைந்துவிட்டது என்கிறாள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜேயை வியக்க வைத்தது இதுதான்.

டபராவில் பாலின் மட்டம் தாழ்கிறது, பரப்பு விரிகிறது. பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஒன்று மற்றொன்றை ஈடுகட்டுகிறது என்று அறிகிறோம். மீனா உயரத்தை மட்டும் பற்றிக்கொள்கிறாள். அவள் சொன்ன காரணத்திலேயே விடை இருக்கிறது: "ஒசரமா இருக்கில்ல." ஆகவே விடை 'இ'. தன்மையச் சிந்தனை என்பது அடுத்தவர் இடத்திலிருந்து பார்க்க முடியாமை. இங்கே அடுத்தவர் பார்வை என்ற பேச்சே இல்லை. பொருள் நிலைத்தன்மை என்பது கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்ற அறிவு. அது இரண்டு வயதுக்குள் வந்துவிடும், இங்கே பாலும் மறையவில்லை. ஆனால் 'ஆ', 'ஈ' இரண்டும் பியாஜே பாடத்தில் அடுத்தடுத்து வரும் சொற்கள் என்பதால், பெயரை மட்டும் படித்தவரை அவை இழுக்கும்.

கேள்வி அமைப்பவர் ஒரு வரியை மாற்றினால் விடையும் மாறும். "திரும்ப டம்ளரிலேயே ஊற்றினால் பழைய அளவு வரும் என்பதை மீனாவால் மனத்தில் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை" என்று இருந்தால், விடை மீள்தன்மை இன்மை. ஏழு வயதை ஒட்டி இந்தக் குழந்தையே "சமம்தான்" என்று சொல்லத் தொடங்கும்போது மூன்று வகைக் காரணங்கள் தரும். யாரும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பது ஒன்று. உயரம் குறைஞ்சுது, ஆனா அகலமாச்சு என்பது இன்னொன்று. திரும்ப ஊத்தினா அதே வரும் என்பது மூன்றாவது. காரணம் சொல்லாமல் வெறுமனே "சமம்" என்ற குழந்தை அளவு மாறாமையை அறிந்துவிட்டதாகப் பியாஜே ஏற்கவில்லை. எனவே இத்தகைய கேள்வியில் வயதைப் பார்ப்பதற்கு முன் குழந்தை சொல்லும் காரணத்தின் கீழ் கோடு போடுங்கள்.

வயதை மட்டும் நம்பினால் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எட்டு வயதுச் சிறுவன் களிமண் உருண்டையைத் தட்டையாக்கிய பிறகும் மண் அதே அளவுதான் என்கிறான். எடை மட்டும் குறைந்துவிட்டது என்கிறான். ஏழு வயது தாண்டியவன் இரண்டையும் அறிந்திருக்க வேண்டாமா? வேண்டியதில்லை. எண்ணிக்கையும் பொருளின் அளவும் ஆறு, ஏழு வயதை ஒட்டிப் பிடிபடும். எடைக்கு ஒன்பது வாக்கில் ஆகலாம், கன அளவுக்குப் பதினொன்று வாக்கில். ஒரே நிலைக்குள்ளேயே ஒவ்வொன்றாக வருவது இயல்பு என்று பியாஜேயே விளக்கியிருக்கிறார். அந்தச் சிறுவன் ஏழு வயதை ஒட்டித் தொடங்கும் பருப்பொருள் செயல்நிலையில்தான் இருக்கிறான்.

பியாஜேயின் சோதனைக்கும் எல்லை உண்டு. ஆசிரியராகப் போகிறவர் இதை அவசியம் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். 1974-ல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். சமமான இரண்டு வரிசைகளில் ஒன்றைப் பெரியவர் மாற்றி அடுக்குவதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிடுவது போல் செய்தார்கள். பெரியவர் மாற்றியபோது சமம் என்று சொன்னவர்கள் சிலரே. கரடி கலைத்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் சமம் என்றார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் "இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லு" என்றதும் சரியான விடை சொன்ன பிள்ளையும் மாற்றிச் சொல்வதை நாம் பார்க்கிறோம் இல்லையா, அதே நிகழ்வு. ஆகவே ஒரு குழந்தை தவறாகச் சொன்னால் அதன் சிந்தனையைப் போலவே நாம் கேட்ட விதத்தையும் ஆராய வேண்டும். தேர்வில் மேலே உள்ள வகைக் கேள்விக்குப் பியாஜேயின் விளக்கமே விடை. 'பியாஜே மீதான விமர்சனம்' என்று கேட்டால், குழந்தைகளின் திறனைக் குறைத்து மதிப்பிட்டார் என்பதைத் தேடுங்கள்.

இன்னொரு வகையும் அடிக்கடி வரும். காட்சி அதேதான், முடிவு வேறு. மீனா தவறாகச் சொன்னதும், மூன்றாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா, "திரும்ப டம்ளர்லயே ஊத்திப் பாரு" என்கிறாள். மீனா ஊற்றிப் பார்க்கிறாள். "இப்ப டபரால ஊத்து. குறைஞ்சுதா? எங்க போச்சு?" என்று அக்கா கேட்கிறாள். சிறிது நேரத்தில் மீனா, "அகலமாப் போயிடுச்சு" என்கிறாள். இங்கே பியாஜே என்று குறிப்பவர்கள் பலர், ஏனென்றால் பால் ஊற்றும் காட்சியைப் பார்த்ததுமே அவர் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் கேள்வியின் எடை இப்போது அக்காவிடம் இருக்கிறது. தனியே முடியாததைத் தன்னைவிட அறிந்த ஒருவரின் துணையோடு மீனா செய்கிறாள். அந்த இடைவெளிதான் உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம். அக்கா கேட்ட சின்னச் சின்னக் கேள்விகளுக்குச் சாரம் கட்டுதல் என்று பெயர். 1934-லேயே மறைந்துவிட்ட வைகாட்ஸ்கி இந்தப் பெயரை வைக்கவில்லை. 1976-ல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் இது வந்தது. கருத்து அவருடையதோடு ஒட்டிப்போவதால் தேர்வு நூல்கள் அவரோடே சேர்த்துச் சொல்கின்றன. விடைப் பட்டியலில் வைகாட்ஸ்கியும் புரூனரும் சேர்ந்து நின்றால், கேட்டது மண்டலமா சாரமா என்று பாருங்கள். மண்டலம் என்றால் வைகாட்ஸ்கி மட்டுமே.