பழைய வரி முறையா, புதிய வரி முறையா? சம்பளதாரர் கணக்கிட்டுப் பார்க்கும் வழி

வருமான வரியில் எந்த முறை நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒருவருடைய ஆண்டுச் சம்பளமும், அவரால் உண்மையில் கோரக்கூடிய கழிவுகளின் மொத்தமும் தெரிந்தால்தான் அவருக்கான பதிலைச் சொல்ல முடியும். கழிவுகள் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் பழைய முறையில் வரி குறையும். தாண்டாவிட்டால் புதிய முறையில் குறையும். அந்தத் தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சென்னையில் வாடகை வீட்டில் வசிக்கும், ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரின் கணக்கைக் கொண்டு பார்ப்போம். இங்குள்ள விகிதங்களும் விதிகளும் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியவை.

புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று விகிதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதத்தில் நிற்கிறது. சம்பளதாரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. அதைத் தவிர நாம் வழக்கமாகக் கோரும் கழிவுகள் எதுவும் இதில் இல்லை. பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி இல்லை. 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். நிலையான கழிவு 50,000 ரூபாய்தான் என்றாலும் வீட்டு வாடகைப் படி, 80சி பிரிவில் வரும் சேமிப்புகள், மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி ஆகியவற்றை இதில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு முறையிலும் வரும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ் சேரும்.

முதலில் புதிய முறையில் கணக்கிடுவது எளிது. 15 லட்சத்தில் 75,000 போக 14,25,000 ரூபாய் வரிக்குரிய வருமானம். 4 லட்சம் முதல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு 20,000, அடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதமுள்ள 2,25,000 ரூபாய்க்கு 15 சதவீதப்படி 33,750 ஆக 93,750 ரூபாய் வரி. செஸ் 3,750 சேர்த்தால் 97,500 ரூபாய்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பழைய முறையிலும் இதே 93,750 ரூபாய் வரி வரவேண்டுமானால் வரிக்குரிய வருமானம் எவ்வளவாக இருக்க வேண்டும்? முதல் 5 லட்சத்துக்கு 12,500 போனால் மீதி 81,250. அது 20 சதவீதமாக அமைவது 4,06,250 ரூபாய்க்கு. ஆக 9,06,250 ரூபாய். 15 லட்சம் சம்பளம் இந்த அளவுக்கு இறங்க 5,93,750 ரூபாய் கழிய வேண்டும்; அதில் 50,000 நிலையான கழிவாகத் தானே வந்துவிடுவதால், மீதி 5,43,750 ரூபாயைத்தான் நாம் காட்ட வேண்டும். 15 லட்சம் சம்பளக்காரருக்கு எல்லைக்கோடு இதுதான். இந்தத் தொகையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தம் கழிவுகளைக் கூட்டத் தொடங்குபவருக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது.

அடுத்து அவருடைய கழிவுகள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000. வீட்டு வாடகைப் படி மாதம் 24,000. அவர் கொடுக்கும் வாடகை மாதம் 20,000 என்று கொள்வோம். அதிகம் தவறு நடப்பது இந்த வாடகைப் படியில்தான். சம்பளச் சீட்டில் உள்ள படி முழுவதும் விலக்கு என்று சிலரும், கொடுக்கும் வாடகை முழுவதும் விலக்கு என்று சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் மூன்று தொகைகளைக் கணக்கிட்டு, அவற்றில் மிகக் குறைந்ததையே விலக்காக ஏற்கிறது. முதலாவது, பெற்ற படி: ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். இரண்டாவது, கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது: 2,40,000 கழித்தல் 72,000, அதாவது 1,68,000 ரூபாய். மூன்றாவது, சென்னை என்பதால் சம்பளத்தில் 50 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய். கோயம்புத்தூரோ மதுரையோ என்றால் இது 40 சதவீதம். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் ஓய்வூதியக் கணக்கில் சேரும் அகவிலைப்படியும் மட்டுமே. 15 லட்சம் முழுவதும் அல்ல. ஆகவே இவருக்குக் கிடைக்கும் விலக்கு 1,68,000 ரூபாய்தான்.

80சி பிரிவில் வருங்கால வைப்பு நிதிக்கு அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவது ஆண்டுக்கு 86,400. ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 24,000. இன்னும் 39,600 ரூபாயைப் பிபிஎஃப்பில் போட்டால் உச்சவரம்பான 1,50,000 நிறையும். 80டி பிரிவில் தம் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு 18,000, அறுபது வயதைக் கடந்த பெற்றோருக்கான காப்பீடு 34,000. தொழில் வரி 2,500. எல்லாம் கூட்டினால் 3,72,500 ரூபாய் வருகிறது. எல்லைக்கோடோ 5,43,750. பழைய முறையில் இவருடைய வரிக்குரிய வருமானம் 10,77,500. வரி செஸ்ஸோடு 1,41,180 ரூபாய். புதிய முறையைவிட 43,680 ரூபாய் அதிகம்.

மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகப் பிபிஎஃப்பில் 39,600 போடுவது சேமிப்பு என்ற வகையில் நல்லதாக இருக்கலாம்; ஆனால் புதிய முறையில் இருக்கப்போகும் இவருக்கு அதனால் வரியில் ஒரு ரூபாயும் குறையாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தம் கையிலிருந்து கூடுதலாக 50,000 போட்டுக் கழித்தாலும் பழைய முறை வரி 1,25,580 ரூபாய்க்குத்தான் இறங்கும். அப்போதும் புதிய முறையே மலிவு.

இதே நபருக்குத் திருச்சியில் வங்கிக் கடனில் கட்டிய சொந்த வீடு ஒன்று இருந்து, அதை வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அந்தக் கடனுக்கு ஆண்டு வட்டியாக 2 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், பழைய முறையில் 2 லட்சம் வரை கழிக்கலாம்; புதிய முறையில் இப்படிப்பட்ட வீட்டுக்கு அந்தக் கழிவு இல்லை. வேலை சென்னையில் என்பதால் வாடகைப் படி விலக்கையும் வீட்டுக் கடன் வட்டியையும் ஒருசேரக் கோரத் தடையில்லை. கடனின் அசலும் 80சியில் சேருவதால், பிபிஎஃப் இல்லாமலேயே 1,50,000 நிறைந்துவிடும். இப்போது கழிவுகள் 5,72,500, எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டன. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 8,77,500. வரி செஸ்ஸோடு 91,520 ரூபாய். லாபம் 5,980 ரூபாய்.

இந்த லாபம் எவ்வளவு மெல்லியது என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு மேல் அவர் வைத்திருப்பது 28,750 ரூபாய் மட்டுமே. பெற்றோரின் காப்பீட்டு பிரீமியம் 34,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டியிருந்தார் என்றால் அது 80டியில் செல்லாது. காசோலை, அட்டை, இணையம் போன்ற ரொக்கமல்லாத வழியில் கட்டியதே கழிவுக்கு ஏற்கப்படும். அந்த ஒரு தொகை விழுந்தால் பழைய முறை வரி 98,590 ரூபாய் ஆகி, புதிய முறையே லாபம் என்று கணக்கு மாறிவிடும். மறுபக்கம், வாடகைப் படி 2,88,000 முழுவதையும் விலக்கு என்று தவறாக எடுத்துக்கொண்டவருக்கு அதே 5,980 ரூபாய் லாபம் 30,940 ரூபாயாகத் தோன்றும். பின்னர் துறையின் நோட்டீஸ் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள் கையில் ரசீது உள்ள தொகைகளை மட்டுமே கூட்ட வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகம் கேட்கும். அதைத் தர மறுக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பதால் இதை நிதியாண்டின் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால், ஆவணத் தொல்லையே இல்லாத புதிய முறையைத் தேர்வதில் தவறில்லை என்பது என் கருத்து.

சம்பளம் ஏறினால் எல்லைக்கோடும் ஏறும். 20 லட்சம் சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 7,08,000 ரூபாய். 24,75,000 ரூபாயில் 8 லட்சத்தை எட்டுகிறது. அதற்கு மேல் இரண்டு முறையிலும் 30 சதவீதமே என்பதால், கூடுதல் வரி தொடங்கும் 50 லட்சம் வருமானம் வரை அங்கேயே நிற்கிறது. கீழ்ப்பக்கத்தில் கணக்கே தேவையில்லை. புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி மொத்த வரியையும் நீக்கிவிடுவதால், 12,75,000 ரூபாய் வரை சம்பளம் மட்டுமே உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. அதைச் சற்றுத் தாண்டினாலும், 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாகாதபடி சலுகை உண்டு. ஆனால் பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்தின் வரியை இந்தத் தள்ளுபடி நீக்காது.

எதையும் தெரிவிக்காவிட்டால் அலுவலகம் புதிய முறைப்படியே மாதப் பிடித்தத்தைச் செய்யும். ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலகத்துக்குச் சொன்னது இறுதியானதல்ல. சம்பளதாரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது வேறு முறைக்கு மாறலாம், அதிகம் பிடித்தது திரும்ப வரும். இந்தத் தேர்வை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளவும் முடியும். பழைய முறையைத் தேர்பவர் உரிய கெடுவுக்குள், சம்பளதாரருக்கு வழக்கமாக ஜூலை 31-க்குள், தாக்கல் செய்தாக வேண்டும். கெடு தாண்டித் தாக்கல் செய்பவருக்குப் புதிய முறை மட்டுமே கிடைக்கும், கழிவுகளுக்கான ரசீதுகள் அனைத்தும் கையில் இருந்தாலும்கூட. தொழில் அல்லது வியாபார வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போகத் தங்களுக்குரிய தாக்கல் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். அவர்கள் புதிய முறைக்குத் திரும்புவது ஒரு முறைதான், அதன் பிறகு அந்த வருமானம் இருக்கும் வரை மீண்டும் பழைய முறைக்கு வர முடியாது.