தொடாத லேபிளில் புள்ளி மறைவது ஏன்?

பண்ருட்டி முந்திரிப் பொட்டலம் ஒன்றின் புகைப்படத்தை, படம் உருவாக்கும் ஏஐ வகையான டிஃப்யூஷன் மாடலிடம் கொடுத்து, கடலூர் சில்வர் பீச்சில் அது இருப்பது போன்ற விளம்பரப் படத்தைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கூடாத பகுதி இது என்று காட்ட பொட்டலத்தின் மேல் மாஸ்க் போட்டு, பின்னணியை மட்டும் மாற்றும்படி சொல்லியும் இருக்கிறோம். படம் அழகாகவே வருகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால், 'பண்ருட்டி'யில் ண் மேல் இருந்த புள்ளியைக் காணோம்; உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை.

இத்தகைய மாடல்களில் பெரும்பாலானவை படத்தைப் பிக்சல்களாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. முதலில் அதைச் சுருக்குகின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடலின் தொடக்கப் பதிப்புகளில், 8-க்கு 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்தின் 192 நிற மதிப்புகளும் வெறும் 4 எண்களாகிவிடும். 1024 பிக்சல் அகலப் படத்தில் உரிம எண் 112 பிக்சல் நீளம் இருந்தால், ஓர் இலக்கத்துக்கு 8 பிக்சல் அகலமே கிடைக்கும். புள்ளியோ அதிலும் சிறியது. சுருக்கியதை மீண்டும் விரிக்கும்போது, இழந்த விவரத்தை மாடல் ஊகித்துத்தான் வரைகிறது. மாஸ்க் போட்ட பகுதியும் இந்தச் சுருக்கி விரிக்கும் வழியாகவே வருவதால், மாடல் அங்கே புதிதாக எதையும் வரையாவிட்டாலும் எழுத்து சிதைகிறது. புதிய மாடல்கள் சில, அதே சதுரத்துக்கு 4-க்குப் பதில் 16 எண்களை வைத்துக்கொள்வதால் சிதைவு குறைகிறது, முழுதும் நீங்குவதில்லை.

ஆகவே, நம்பகமான வழி ஒன்றுதான்: மாடல் தந்த படத்தின் மேல், மூலப் புகைப்படத்தின் பொட்டலத்தை அதே இடத்தில், அதே பிக்சல்களோடு திரும்ப ஒட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை மென்மையாக்கும் பட்டை எழுத்துகளை எட்டாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். படத்தைப் பெரிதாக்குவதாக இருந்தால், அந்த வேலையை முடித்த பிறகே ஒட்ட வேண்டும். பெரிதாக்கும் மாடலும் எழுத்தை ஊகித்து வரையக்கூடியது. அப்போது பெரிய அளவில் எடுத்த மூலப் புகைப்படம் கையில் இருக்க வேண்டும். கடற்கரை வெயிலுக்கு ஏற்ற நிழலை, லேபிளை மறைக்காத மெல்லிய தனி அடுக்காக மேலே போடலாம்.

சோதிப்பது எளிது. நிழல் அடுக்கைப் போடும் முன், அதே அளவிலுள்ள மூலப் புகைப்படத்தை மேலே பொருத்தி, கிம்ப் மென்பொருளில் அடுக்கின் நிலையை, இரு படங்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும் Difference என்று மாற்றினால், மென்மையாக்கிய விளிம்பைத் தவிர பொட்டலம் முழுவதும் கருப்பாகத் தெரிய வேண்டும். எழுத்தின் ஓரங்களில் மங்கலான கோடுகள் தெரிந்தால், மாடல் விரித்துத் தந்த லேபிள்தான் இன்னும் இருக்கிறது என்று பொருள். ஜேபெக்காகச் சேமித்தாலும் இத்தகைய கோடுகள் வரும் என்பதால், சோதனை முடியும்வரை பிஎன்ஜியில் வைத்திருப்பது நல்லது.

பொட்டலம் சாய்ந்து நிற்க வேண்டுமென்றால், லேபிளின் நான்கு மூலைகளையும் புதிய இடங்களுக்கு இழுத்துப் பொருத்தலாம். தட்டையான அட்டைப்பெட்டிக்கு இது போதும். கசங்கிய பிளாஸ்டிக் உறைக்கு நான்கு மூலைக் கணக்கு பொருந்தாது. அதை வேண்டிய கோணத்திலேயே நிறுத்தி, மறுபடியும் புகைப்படம் எடுத்துவிட வேண்டியதுதான்.