‘வேண்டாம்’ என்று அழுத்தினாலும் பணம் வரும்

வேலூரில் அந்நியச் செலாவணி கவுண்டரில் உட்கார்ந்து பதினாலு வருஷமாகிறது. சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்துக்காரர்கள் டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்கிப்போவார்கள், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல்காரர்கள் ரூபாயைக் கொடுத்து யூரோ வாங்கிப்போவார்கள். போகும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இன்னிக்கு ரேட் என்ன சார்?” பத்து பைசா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசுவார்கள். வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஏடிஎம்மில் ஒரு பொத்தானில் மூவாயிரத்தை விட்டுவிட்டு வருவார்கள்.

அப்படி விட்டவர்களில் ஒருவர் பேரணாம்பட்டு பாய். தோல் கண்காட்சிக்காக மிலன் போனவர், திரும்பி வந்ததும் பர்ஸிலிருந்து ஒரு ஏடிஎம் சீட்டை எடுத்து கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். “சார், முந்நூறு யூரோதான் எடுத்தேன், முப்பத்திநாலாயிரத்துக்கு மேல போயிருக்கு. பேங்க்ல கேட்டா நாங்க இல்லங்கறான்.”

வங்கி சொன்னது பெரும்பாலும் உண்மை. சீட்டிலேயே பதில் இருந்தது. யூரோ தொகைக்குக் கீழே INR என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு மாற்று விகிதம். சாதாரணமாக ஏடிஎம் சீட்டில் உள்ளூர்ப் பணம் மட்டும்தான் இருக்கும். INR இருந்தால், ரூபாயாக மாற்றியது உங்கள் வங்கி இல்லை, அந்த ஊர் மெஷின்தான். இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. மெஷின் கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே இது இந்தியக் கார்டு என்று கண்டுபிடித்துவிடும். உடனே “உங்களுக்குப் பழகிய ரூபாயிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாமே” என்று அன்பாகக் கேட்கும். அந்த அன்புக்கு ஒரு விலை உண்டு. கடைகளில் அது 3 முதல் 8 சதவீதம்வரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன், சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடத்து ஏடிஎம்களில் 12-ஐயும் தொடும்.

பாயின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 300 யூரோ எடுத்தார், மெஷின்காரர் கட்டணம் 5 யூரோ, ஆக 305. மெஷின் போட்ட விகிதம் 112. அதுவே 34,160 ரூபாய். அதன் மேல் இவருடைய வங்கி, வெளிநாட்டு ஏடிஎம் கட்டணமாக 125 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 147.50 எடுத்தது. ரூபாயில் கணக்கு வந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு என்று தனியாக 1 சதவீதம் பிடிக்கிற வங்கிகளும் இருக்கின்றன, இவருடையது அந்த ரகம். ஜிஎஸ்டியோடு அது ஒரு 403. மொத்தம் சுமார் 34,710.

இதையே யூரோவாக விட்டிருந்தால்? விசா, மாஸ்டர்கார்டு நெட்வொர்க் போடும் விகிதம் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். 305 யூரோவுக்கு 30,500. வங்கியின் மார்க்அப் 3.5 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இரண்டும் சேர்த்து சுமார் 1,260. ஏடிஎம் கட்டணம் அதே 147.50. மொத்தம் 31,907. வித்தியாசம் 2,800 ரூபாய் சொச்சம். வங்கியின் 3.5 சதவீதத்தைக் கொள்ளை என்று திட்டுகிறவர்கள் உண்டு, நானும் அது கொஞ்சம் அதிகம்தான் என்பேன், ஆனால் டிசிசியோடு வைத்துப் பார்த்தால் அது சாது.

“ஏன் பாய் ஓகே கொடுத்தீங்க?” என்றேன். அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தனவாம். ஒன்றில் `Accept Conversion`, இன்னொன்றில் `Decline Conversion`. “டிக்ளைன் கொடுத்தா பணமே வராம போயிடும்னு நெனச்சேன் சார். பின்னாடி வேற ஆளுங்க நிக்கறாங்க.” இந்த பயத்தை நம்பித்தான் அந்தத் திரையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மறுப்பது மெஷினின் விகிதத்தை மட்டும்தான். `Decline Conversion` கொடுத்தாலும் அதே 300 யூரோ வரும், மாற்றும் வேலை உங்கள் வங்கி நெட்வொர்க்குக்குப் போகும், அவ்வளவுதான். சில மெஷின்கள் “உறுதியா?” என்று இரண்டாம் தடவை வேறு கேட்கும். அப்போதும் அதே பதில்.

கடையில் கொஞ்சம் வேறு மாதிரி. ஸ்வைப் மெஷினை உங்கள் பக்கம் திருப்பாமலேயே கடைக்காரர் INR-ஐ அழுத்திவிடலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி தேர்வு செய்யும் உரிமை கார்டுக்காரருடையது. அதனால் பின் நம்பர் போடும் முன் திரையில் எந்தப் பணம் தெரிகிறது என்று பாருங்கள். சீட்டில் INR வந்துவிட்டால் கடையை விட்டு வெளியே வராமல் அங்கேயே ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து புகார் கொடுக்கலாம், ஆனால் நீங்களே சம்மதித்ததாகச் சீட்டில் ஒரு வரி அச்சாகியிருக்கும், அதை மறுப்பது கஷ்டம்.

நாங்கள் விற்கிற ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அடி பெரிது. கார்டில் யூரோ ஏற்றியிருக்கிறீர்கள், 80 யூரோவுக்குச் செருப்பு வாங்குகிறீர்கள் (ஆம்பூர்க்காரர் மிலனில் செருப்பு வாங்குவாரா என்று கேட்காதீர்கள், மாடல் பார்க்க வாங்குவார்). கடை மெஷின் அதை 106 விகிதத்தில் 8,480 ரூபாயாக்குகிறது. கார்டிலோ ரூபாய் கிடையாது. எனவே அந்த ரூபாயை மறுபடி யூரோவாக்க வேண்டும், அதற்கு வேறு நாணயக் கட்டணம் என்று 3.5 சதவீதம். கடைசியில் கார்டிலிருந்து போவது சுமார் 88 யூரோ. யூரோ ரூபாயாகி, ரூபாய் திரும்ப யூரோவாகி, இரண்டு பக்கமும் கூலி. டாலர் மட்டும் ஏற்றிய கார்டை ஐரோப்பாவிலோ தாய்லாந்திலோ தேய்த்தாலும் பெரும்பாலும் இந்த வேறு நாணயக் கட்டணம் உண்டு, எனவே போகிற நாட்டுப் பணத்தையே ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரொக்கம் எடுப்பதைப் பற்றி ஒரே விஷயம். ஏடிஎம் கட்டணம் பெரும்பாலும் தொகைக்கு அல்ல, தடவைக்கு. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்குப் பல வங்கிகள் ஒரு தடவைக்கு 200 பாட்டுக்கு மேல் பிடிக்கின்றன. 2,000 பாட் எடுத்தாலும் அதேதான், 20,000 எடுத்தாலும் அதேதான். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அப்புறம், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிடுங்கள். 2020 அக்டோபருக்குப் பிறகு வழங்கப்பட்ட கார்டுகளில் அது அணைந்த நிலையில்தான் வருகிறது, மிலன் விமான நிலையத்தில் நின்று கஸ்டமர் கேருக்கு போன் போட்டவர்களின் கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

பாய் அடுத்த தடவை போய் வந்தபோது சீட்டை மடிக்காமல் கொண்டுவந்திருந்தார். யூரோ வரி மட்டும் இருந்தது, INR இல்லை. “டிக்ளைன் குடுத்தேன் சார், பணம் வந்துச்சு!” என்றார். கூடவே மிச்சம் இருந்த யூரோ நோட்டுகளையும், பாக்கெட்டைத் தட்டி ஒரு கைப்பிடி சில்லறையையும் கொட்டினார். நோட்டை எடுத்துக்கொண்டேன். நாணயத்தை எங்கள் கவுண்டரில் எடுப்பதில்லை என்றதும், “பேரனுக்கு ஆச்சு” என்று மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.