இணைந்த கம்பனியில் பாராட்டுக் கடிதம் எப்போது எழுதுவது?

இரண்டு கம்பனிகள் இணைந்தால் கையொப்பமிட்ட மறுநாளே கேக் வெட்டி எல்லோரையும் வாழ்த்திவிடுகிறார்கள். பங்குதாரர்களுக்கு அது பொருந்தும். ஊழியர் அன்று யோசிப்பது பணிக்கொடையைத்தான். இலங்கையின் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடச் சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். பழைய கம்பனியில் நான்கு வருடம் வேலை செய்தவரின் கையில் புதிய நியமனக் கடிதத்தைக் கொடுத்தால், அந்த நான்கு வருடமும் போய்விட்டதோ என்று பயப்படத்தான் செய்வார். சேவைக்காலம் தொடரும் என்பதை முதலில் எழுத்தில் கொடுங்கள். பாராட்டு அப்புறம்.

நான் மனிதவளப் பிரிவில் பார்த்த ஓர் இணைப்பில், ஒரு கம்பனியின் அலுவலகம் யூனியன் பிளேஸில், மற்றதன் களஞ்சியம் பேலியகொடையில். ஒரே பொருளுக்கு இரண்டு குறியீட்டு எண்கள். முதல் மாத முடிவில் இருப்புக் கணக்கு பொருந்தவில்லை. "அது உங்கட ஆட்கள் விட்ட பிழை" என்று இரு பக்கமும் தங்கள் பழைய முகாமையாளர் ஊடாகவே பேசிக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் களஞ்சியப் பொறுப்பாளரே கணக்குப் பிரிவுத் தங்கச்சிக்கு நேரே அழைப்பெடுத்தார். இருவரும் உட்கார்ந்து பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதி ஓர் அட்டவணை போட்டார்கள். யாரும் கேட்காமல் செய்த வேலை அது. அந்த மாதம் கணக்கு குறித்த நாளில் முடிந்தது. பாராட்ட வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

பணிப்பாளர் எழுதிய முதல் வரைவு, "எங்கள் குடும்பத்தில் இணைந்த புதியவர்களை வரவேற்கிறோம்" என்று தொடங்கியது. மூன்று மாதம் கழித்தும் பாதிப் பேர் விருந்தாளிகளா? சொல்லி மாற்றினோம்:

"பேலியகொடைக் களஞ்சியமும் கணக்குப் பிரிவும் சேர்ந்து உருவாக்கிய குறியீட்டு அட்டவணையால் இம்மாத இருப்புக் கணக்கு முதல் தடவையாகப் பொருந்தியது. சேமலாப நிதிப் பதிவுகளைத் தடங்கலின்றி மாற்றித் தந்த சம்பளப் பிரிவுக்கும் நன்றி."

அதற்குக் கீழே செய்தவர்களின் பெயர்கள், பதவி வரிசையில் இல்லாமல் அகர வரிசையில். 'வெற்றி' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். இணைப்பின்போது விலகிப் போனவர்களின் நண்பர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலைக்கும் ஒரு வரி நன்றி சேர்த்தோம்.

களஞ்சிய ஊழியர் பலருக்கு அலுவலக மின்னஞ்சல் கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் மின்னஞ்சல் போயிருந்தால், அட்டவணையைப் போட்டவர்களுக்கே பாராட்டு எட்டியிருக்காது. அதே நாளில் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்து அறிவித்தல் பலகையில் ஒட்டினோம்.

இன்னொன்று, கடிதத்தின் பிரதியை ஒவ்வொருவருடைய தனிக்கோப்பிலும் போடுங்கள். சம்பள உயர்வு நேரத்தில் மதிப்பிடப் போகிறவர் மற்றக் கம்பனியிலிருந்து வந்த மேலாளராக இருக்கலாம். இவர் என்ன செய்தார் என்பது அவருக்கு அந்தக் கோப்பில் இருந்துதான் தெரியவரும்.