ஒரே கேரக்டருக்கு அஞ்சு உடை: வெளிக்கோடு எங்கே நழுவுகிறது

கேம் வேலையில் அடிக்கடி வரும் கோரிக்கை இது. "கேரக்டர் அப்படியே இருக்கட்டும், உடை மட்டும் அஞ்சு விதமாக வேண்டும்." இப்போது பலரும் படம் வரையும் ஏஐ-யான ஸ்டேபிள் டிஃப்யூஷனையும், அது வரையும் வடிவத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்நெட்டையும் வைத்து ஒரு மதியத்திலேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் படங்கள் அழகுதான். ஐந்தையும் கறுப்பாக நிரப்பி வரிசையாக வைத்தால் ஐந்து பேர் நிற்பார்கள்!

நிழலுருவம் ஏன் மாறக்கூடாது என்றால், விளையாடுபவர் தூரத்திலிருந்து முகத்தையா பார்க்கிறார்? டீம் ஃபோர்ட்ரெஸ் 2 குழு 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்பது வகை வீரர்களையும் வெளிவடிவத்தை வைத்தே பிரித்தறியும்படி வடிவமைத்ததை விளக்கியிருக்கிறார்கள். உடையை மாற்றும்போது அந்த அடையாளம் போனால், எதிரில் வருவது யார் என்றே தெரியாமல் போகும்.

ஒரு கேரக்டரை எடுத்துக்கொள்வோம். தபால் கொண்டுபோகும் பெண்: உச்சிக்கொண்டை, இடது தோளில் பெரிய பை, முழங்கால் வரை விரிந்த கோட், தடித்த பூட்ஸ். அவளுக்குப் பொங்கல் உடை வேண்டும்.

முதலில் பலர் போவது கன்ட்ரோல்நெட்டின் ஓபன்போஸ் மாடலுக்கு. அது மூட்டுகள் இருக்கும் இடத்தை மட்டும்தான் பிடிக்கும், கோட் எவ்வளவு விரிந்திருந்தது என்பது அதற்குத் தெரியாது. சரி, விளிம்புகளைப் பிடிக்கும் கேனி மாடலைப் போடலாம் என்றால் அது எதிர்ப்பக்கம் போய்விடுகிறது: பழைய கோட்டின் பொத்தான், பாக்கெட், மடிப்பு என எல்லா விளிம்பையும் பிடித்துக்கொள்ளும், கடைசியில் பட்டுப்பாவாடையிலும் கோட் பாக்கெட் முளைக்கும். அதனால் மாடலுக்குக் கொடுக்கும் கோட்டோவியத்தை நானே தயார் செய்வேன். வெளிக்கோடு முழுசாக, உள்ளே கழுத்தும் உடம்புக்கு முன்னால் வரும் கையும் மட்டும், மற்றதெல்லாம் அழித்துவிடுவது. கையின் வெளிக்கோட்டை விட்டுவிட்டால் கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதை லைன்ஆர்ட் மாடலுக்குக் கொடுத்து, முகம், கை, பை தவிர்த்து உடைப்பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு இன்பெயின்ட் செய்கிறேன், அதாவது அந்த இடத்தை மட்டும் புதிதாக வரைய வைக்கிறேன்.

பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength`-ஐ 0.4 மாதிரி வைத்தால் பெரும்பாலும் பழைய கோட்டுக்குச் சாயம் பூசியதுபோல்தான் வரும், நான் 0.8 பக்கம் ஆரம்பிப்பேன். பெரிய வடிவம் படம் உருவாகும் ஆரம்பப் படிகளிலேயே முடிவாகிவிடுவதால், கன்ட்ரோல்நெட்டின் பிடியைக் கடைசிப் படிகளில் விட்டுவிட்டால் ஜரிகை, மடிப்பு எல்லாம் இயல்பாக விழும். மாஸ்க் விளிம்பை மங்கலாக்கும் `Mask blur` அதிகமாக இருந்தால் உடை விளிம்பைத் தாண்டிக் கசியும், அதையும் குறைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது, தெரிந்தும் தெரியாமலும். வந்த படத்தைப் பழைய படத்தின் ஆல்ஃபாவால், அதாவது எங்கே உருவம், எங்கே வெறுமை என்று குறிக்கும் அடுக்கால், வெட்டிவிட்டு "பாருங்க, நிழலுருவம் அச்சுப்பிசகாமல் இருக்கு" என்கிறார்கள். வெட்டினால் வெளியே வழிந்தது மறையும், அவ்வளவுதான். உடை உள்ளே சுருங்கியிருந்தால் அந்த இடத்தில் பின்னணி நிறம் தெரியும், அல்லது அங்கே இல்லாத ஒரு துணி அரைகுறையாக அறுந்து நிற்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே, பின்னணியை மட்டும் நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். பின்னணி நீக்கிய பழைய படம் base.png, புதியது new.png, இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். இமேஜ்மேஜிக் கட்டளைகள் இவை:

```
magick base.png -alpha extract -threshold 50% b.png
magick new.png -alpha extract -threshold 50% n.png
magick b.png n.png n.png -combine check.png
```

check.png-இல் வெள்ளை என்றால் ஒத்துப்போகிறது, சிவப்பு என்றால் உடை சுருங்கிவிட்டது, நீலப்பச்சை என்றால் வழிந்துவிட்டது. மொத்தம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். விளிம்பு முழுக்க மயிரிழைபோல் ஓடும் நிறம் ஒன்றும் செய்யாது, அதே அளவு ஓரிடத்தில் திட்டாகக் குவிந்தால்தான் ஆள் மாறுகிறாள்.

நம் தபால்காரிக்குத் திட்டு விழக்கூடிய இடங்கள் இரண்டு. தாவணி முந்தானை முதுகுக்கு வெளியே பறந்தால் நீலப்பச்சை. கீழே, பூட்ஸ் போய் வெறுங்காலில் கொலுசு வந்தால் இரண்டு காலிலும் நல்ல தடிமனாகச் சிவப்பு. இதை எந்த அமைப்பைத் திருகியும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தவறு உடைத் தேர்விலேயே இருக்கிறது: மெல்லிய காலில் பூட்ஸ் அளவுக்கு இடத்தை அடைக்க ஏதாவது வேண்டுமே. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிடலாம். பாவாடை முழங்காலோடு நின்று, கோட் விரிந்த அதே அகலத்துக்கு விரியட்டும். காலுக்குப் பூட்ஸையே வைத்துக்கொண்டு மேலே பட்டுத்துணியும் சலங்கையும் சுற்றிவிட்டால் வெளிக்கோடு நிற்கும், பண்டிகைக் களையும் வந்துவிடும். மழை உடை என்றால் இவ்வளவு பாடில்லை, கோட் ரெயின்கோட் ஆகிவிடும், தொப்பியை மட்டும் கொண்டைக்கு மேல் போடாமல் கழுத்துக்குப் பின்னால் இறக்கிவிட வேண்டும்.

இந்தச் சோதனை ஒரு கோணத்துக்கு மட்டும்தான் செல்லும். முன்பக்கம் முழு வெள்ளையாக வந்த உடை பக்கவாட்டில் தொப்பை போட்டு நிற்கலாம், அதனால் 3டி மாடலுக்குப் போகும் கேரக்டர் என்றால் பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனியாக check.png எடுத்து மாடலரிடம் சேர்த்தே கொடுங்கள்.