ஈசினோபில் கூடினால் உடனே ஸ்டீராய்டா?

"டாக்டரம்மா, எனக்கு ரொம்ப வருஷமா ஈசினோபீலியா இருக்கு." பெங்களூரில் என் கிளினிக்குக்கு வரும் தமிழர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதையும் ஒரு வியாதியாகச் சொல்கிறார்கள். ஈசினோபீலியா வியாதி இல்லை. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு கூடியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஏன் கூடியது என்று கேட்காமல் எண்ணிக்கையைக் குறைக்க மாத்திரை சாப்பிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தை மாற்றுங்கள். "12 சதவீதம்" என்று தடித்த எழுத்தில் இருந்தால் பயந்துவிடுகிறீர்கள். மொத்த வெள்ளை அணு 4,000 என்றால் 12 சதவீதம் என்பது 480தான். அது இயல்பு. அதே சமயம் மொத்தம் 14,000 இருக்கும்போது வெறும் 8 சதவீதம் என்றாலும் 1,120 ஆகிவிடும், அது அதிகம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குள் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. ரிப்போர்ட்டில் 'அப்சல்யூட் ஈசினோபில் கவுண்ட்' என்ற வரியைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இந்த அணு எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ரத்தத்தில் சில மணி நேரம் மட்டும் சுற்றிவிட்டு, குடல் போன்ற திசுக்களுக்குள் போய்விடும். வெள்ளை அணு விழுங்க முடியாத அளவு பெரிய எதிரி புழு. அதனால் ஈசினோபில்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, தங்களிடம் உள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. அலர்ஜியில் தூசியையும் மகரந்தத்தையும் உடல் எதிரியாக நினைத்து அதே படையை அனுப்புகிறது. அப்போது அந்தப் புரதம் நம் மூச்சுக்குழாயைத்தான் புண்ணாக்கும். அலர்ஜியில் எண்ணிக்கை பெரும்பாலும் 1,500ஐத் தாண்டாது.

புழு என்றாலே ஈசினோபில் ஏறும் என்பதும் சரியில்லை. திசுவுக்குள் புகுந்து பயணம் செய்யும் புழுதான் அதை ஏற்றும். குடலுக்குள்ளேயே இருக்கும் கீரிப்பூச்சி அவ்வளவாக ஏற்றாது. அமீபாவும் ஏற்றாது.

அண்மையில் வந்தவர் அல்சூரில் மூட்டை தூக்குபவர், ஐம்பது வயது. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இளமையில் வெறுங்காலோடு வயல் வேலை. கொஞ்ச நாளாக இழுப்பு. எண்ணிக்கை 2,400. வேறோரிடத்தில் அலர்ஜி என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் சுத்தமாகிவிட்டது, இவருக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி. என்னிடம் வந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: இடுப்பில் அரிப்போடு சிவப்பாக ஒரு கோடு வரும், சில மணி நேரத்தில் இடம் மாறிவிடும். புழுவின் இளம் பருவம் தோலுக்கடியில் ஊர்ந்தால்தான் அப்படி ஓடும். மலப் பரிசோதனை இரண்டு முறை ஒன்றுமில்லை என்றது, மூன்றாவதில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு தெரிந்தது.

மண்ணிலிருந்து பாதம் வழியாக நுழையும் இந்தப் புழு, உடலுக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் ஆனாலும் கூடவே வரும். ஸ்டீராய்டு ஈசினோபிலைக் குறைக்கிறதே தவிர, புழுவைத் தொடுவதில்லை. காவல் இல்லாத நேரத்தில் புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளை வரை பரவினால் உயிர் போகலாம். அப்போது ஈசினோபில் எண்ணிக்கை குறைவாகவே காட்டும் என்பதுதான் கொடுமை. நல்லவேளையாக இவர் தப்பித்தார். எடைக்கேற்ற அளவில் ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரை கொடுத்தோம். மூன்று மாதத்தில் எண்ணிக்கை 500க்குள் வந்தது. இழுப்பும் இல்லை.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஒரு மலப் பரிசோதனையை நம்பி இந்தப் புழுவை ஒதுக்காதீர்கள், ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாம். இதற்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. யானைக்கால் கிருமியால் வரும் இரவு இருமலுக்கான டி.இ.சி. மாத்திரையை ஈசினோபில் ஏறிய எல்லோருக்கும் எழுதுவதையும் விட்டுவிடுவோம்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? சில வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் 1,500க்கு மேலேயே நின்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். 5,000ஐத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை கூடியிருக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால் மரத்துத் தொங்குவது, எடை இறங்குவது, நெறிகட்டுவது இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே வாருங்கள். அதே புரதம் இதயத்தையும் நரம்பையும் கெடுக்கக்கூடியது, சில சமயம் ரத்தப் புற்றுநோயும் இப்படித்தான் தெரியவரும். வலிப்பு மாத்திரையோ யூரிக் ஆசிட் மாத்திரையோ தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முக வீக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஸ்டீராய்டை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது வேறு விஷயம். ஸ்டீராய்டு மாத்திரை எழுதும்போது, நீங்கள் கிராமத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.