ஞாயிற்றுக்கிழமை நோட்டும் மூன்று கேள்விகளும்

வீடியோ பார்த்து நானாகவே பைத்தான் கற்றுக்கொண்ட நாட்களில், ஞாயிறு மாலை ஒரு நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். என்ன கற்றேன், எது குழப்பியது, அடுத்து என்ன செய்யப்போகிறேன்? முதல் மாதம் எழுதியதெல்லாம் வீண். வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு தலைப்புகளைப் பார்த்து எழுதினேன். 'லிஸ்ட், லூப் முடிந்தது' என்று நோட்டு சொல்லும். லூப் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்குக் காரணம் சொல்கிறது. ஒரு பத்தியைச் சில மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42தான். நினைவைத் துழாவி எடுப்பதே அதைப் பதியவைக்கிறது. ஆகவே முதல் கேள்விக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் எழுத வேண்டும். பிறகு திறந்து, தப்பை வேறு மையில் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் தப்பும் சேர்ந்தே பதியும்.

இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் அடம்பிடிக்கும். 'லிஸ்ட் சரியாகப் புரியவில்லை' என்று எழுதினால் அடுத்த வாரம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று இரண்டையும் எழுத வேண்டும். என் நோட்டில் இருந்த ஒரு பதிவு:

```python
a = [10, 20]
b = a
b.append(30)
print(a)
```

'`[10, 20]` வரும் என்று நினைத்தேன். `[10, 20, 30]` வந்தது. `a`-வை நான் தொடவே இல்லையே!'

இப்படி எழுதியதும் குழப்பம் எந்த வரியில் என்று தெரிந்துவிடுகிறது. `b = a` நகல் எடுக்கும் என்பது என் நினைப்பு. உண்மையில் அது ஒரே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது பதில் அந்தக் குழப்பத்திலிருந்தே வர வேண்டும், ஓர் உட்காரலில் முடிகிற அளவில். 'செவ்வாய் இரவு சாப்பிட்டதும் `b = a.copy()` போட்டு, `id(a)`, `id(b)` இரண்டையும் அச்சிட்டுப் பார்ப்பது' என்று எழுதினேன். `id` காட்டும் அடையாள எண்கள் வேறு வேறாக வந்தன, `a` மாறவில்லை.

குழப்பக் கட்டம் இரண்டு மூன்று வாரம் காலியாகக் கிடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் வீடியோவில் வருவதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருப்பேன், நானாக எதையும் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டம் காலியாக இல்லை. `[[1], [2]]` என்ற லிஸ்ட்டை `copy()` செய்து, நகலில் `b[0].append(9)` போட்டேன். `a`-வும் மாறிவிட்டது. வெளி லிஸ்ட்தான் புதிது. உள்ளே இருப்பவை பழைய லிஸ்ட்டுகளே.